போட்டோவில் வந்த மெஷினுக்கு எந்த ஸ்ட்ரிப், எந்தக் கைப்பட்டை?

கோத்தகிரியில் மருந்துக் கடை நடத்துபவனின் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களில் பாதி மாத்திரை அட்டைகள். மீதியில் பெரும்பங்கு, மேசைமேல் வைத்து எடுத்த ஒரு சுகர் மெஷின் அல்லது பி.பி. மெஷின். கீழே ஒரே ஒரு வரி: “அண்ணா, இதற்கு ஸ்ட்ரிப் இருக்கிறதா?”

படத்தில் தெரிவது பெரும்பாலும் பிராண்டின் பெயர் மட்டும்தான். அதை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரே பிராண்டில் நான்கு வகை மீட்டர்கள் இருக்கும். ஒன்றின் ஸ்ட்ரிப் மற்றொன்றில் வேலை செய்யாது. பி.பி. மெஷினிலோ மாதிரி எண் தெரிந்தால்கூடப் பாதி விடைதான். மீதிப் பாதி, அதைக் கட்டிக்கொள்ளும் கையின் சுற்றளவில் இருக்கிறது.

தவறு விலை உயர்ந்தது. 50 ஸ்ட்ரிப் கொண்ட பெட்டி பல பிராண்டுகளில் ஆயிரம் ரூபாய்க்கு அருகில் விற்கிறது. முத்திரை பிரித்த பெட்டியை எந்தக் கடையும் திரும்ப வாங்காது, வாங்கவும் கூடாது. மலையில் சிறிய பஜார் கடைகள் இரண்டு மூன்று பிராண்டுகளைத்தான் வைத்திருக்கும். மற்றவை கீழே மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வர வேண்டும். எனவே ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே படத்திலிருந்து உறுதி செய்துகொள்வது நல்லது. அதை எப்படிச் செய்வது என்று கடைக்காரனின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வெளியூரிலிருந்து பெற்றோருக்கு இணையத்தில் வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

முதலில், சரியான படம்

முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கப் படம் முக்கியமானது. குளுக்கோமீட்டரைத் திருப்பினால் பேட்டரி மூடிக்கு அருகில் ஒரு சிறிய லேபிள் இருக்கும். சில மாதிரிகளில் அது மூடிக்கு உள்ளேயே இருக்கும், மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். பி.பி. மெஷினில் லேபிள் அடிப்பக்கத்தில் இருக்கும். அந்த லேபிள் படம் முழுவதையும் நிரப்பும்படி ஒன்று, மெஷினின் முன்பக்கம் முழுவதும் தெரியும்படி ஒன்று. இவை இரண்டும் கட்டாயம்.

மூன்றாவது படம் மெஷினைப் பொறுத்தது. குளுக்கோமீட்டர் என்றால், கடைசியாகப் பயன்படுத்திய ஸ்ட்ரிப் டப்பா. காலியான டப்பாவாக இருந்தாலும் போதும். பி.பி. மெஷின் என்றால், கைப்பட்டையை விரித்து அதன் துணியில் அச்சிட்ட எழுத்துகள் தெரியும்படி ஒன்றும், காற்றுக் குழாயின் முனையில் இருக்கும் பிளக்கை அருகில் வைத்து ஒன்றும் வேண்டும்.

ஃபிளாஷ் போடாதீர்கள். வழுவழுப்பான லேபிளில் அது வெள்ளைத் திட்டாக விழுந்து, வேண்டிய எண்ணையே மறைத்துவிடும். டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தாலும் அப்படித்தான். ஜன்னலோர வெளிச்சம் நன்றாக வரும். நம் ஊர் மேகமூட்டப் பகல் இந்த வேலைக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. லென்ஸில் பனி படிந்திருந்தால் துடைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்துகள் குழம்பும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த தரத்திலேயே வந்து சேரும்.

படத்தை வைத்துத் தேடும் வசதியைப் போனில் பலர் பயன்படுத்துகிறார்கள். அது உருவத்தில் ஒத்த மெஷின்களைக் காட்டும். உருவத்தில் ஒத்தவைதான் இங்கே குழப்பமே. லேபிளில் இருக்கும் மாதிரி எண்ணைத் தட்டச்சு செய்து தேடுவது எப்போதும் நம்பகமானது.

லேபிளில் எதைப் படிப்பது

லேபிளில் எண்கள் கூட்டமாக இருக்கும். அவற்றில் தேவையானது மாதிரிப் பெயர் அல்லது எண் மட்டும்தான். REF என்று கட்டத்துக்குள் இருப்பது உற்பத்தியாளரின் பொருள் எண். அதுவும் உதவும். LOT என்பது தயாரிப்புத் தொகுதி, SN என்பது அந்த ஒரு மெஷினுக்கே உரிய வரிசை எண். இந்த இரண்டையும் வைத்து ஸ்ட்ரிப் தேடினால் எதுவும் கிடைக்காது. பலர் மிக நீளமான எண்ணைத்தான் முக்கியம் என்று நினைத்து அனுப்புகிறார்கள். அது பெரும்பாலும் SN ஆகவே இருக்கும்.

ஆனால் ஆம்ரான் பி.பி. மெஷின்களில் SN வேறொரு வகையில் பயன்படுகிறது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் தயாரித்த ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 201903 என்று தொடங்கினால் 2019 மார்ச். பட்டை வாங்குவதா, மெஷினையே மாற்றுவதா என்று யோசிக்கும்போது இந்தத் தகவல் கைகொடுக்கும்.

ஸ்ட்ரிப் டப்பாவில் மணல் கடிகாரம் போன்ற குறிக்கு அருகில் இருப்பது காலாவதித் தேதி. தொழிற்சாலைக் குறிக்கு அருகில் இருப்பது தயாரித்த தேதி. இரண்டையும் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு.

எந்தச் சேர்ப்புச் சொல் ஸ்ட்ரிப்பை மாற்றும்

குளுக்கோமீட்டர் பெயர்களில் பிராண்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சொற்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் சில ஸ்ட்ரிப்பை மாற்றும், சில மாற்றாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்டச் வரிசையை எடுத்துக்கொள்வோம். ‘செலக்ட் சிம்பிள்’ என்ற பழைய மீட்டருக்கு ‘செலக்ட்’ ஸ்ட்ரிப். ‘செலக்ட் பிளஸ் சிம்பிள்’, ‘செலக்ட் பிளஸ் ஃபிளெக்ஸ்’ ஆகிய இரண்டுக்கும் ‘செலக்ட் பிளஸ்’ ஸ்ட்ரிப். அதாவது சிம்பிள், ஃபிளெக்ஸ் என்பவை மீட்டரின் வசதிகளைச் சொல்பவை, ஸ்ட்ரிப்பை அவை தொடுவதில்லை. பிளஸ் என்ற ஒரு சொல்தான் ஸ்ட்ரிப்பை மாற்றுகிறது. கான்டூரிலும் இதே கதை. ‘கான்டூர் டி.எஸ்.’ மீட்டருக்கு டி.எஸ். ஸ்ட்ரிப். ‘கான்டூர் பிளஸ்’, ‘பிளஸ் ஒன்’, ‘பிளஸ் எலைட்’ எல்லாவற்றுக்கும் பிளஸ் ஸ்ட்ரிப்.

அக்யூ-செக்கில் ஆக்டிவ், இன்ஸ்டன்ட், பெர்ஃபார்மா, கைடு ஆகிய நான்கும் நான்கு தனித்தனி ஸ்ட்ரிப்கள். ‘பெர்ஃபார்மா நானோ’ என்று பார்த்துவிட்டு நானோ ஸ்ட்ரிப் கேட்பார்கள். அப்படி ஒன்று இல்லை, பெர்ஃபார்மா ஸ்ட்ரிப்தான் அதற்கும். ‘இன்ஸ்டன்ட் எஸ்’ மீட்டருக்கும் இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப்தான். இந்த நான்கில் ஆக்டிவ் செயல்படும் விதமே வேறு. அதில் இரத்தத் துளி ஒரு வண்ணச் சதுரத்தின்மேல் விழுகிறது, அதன் நிறம் மாறுகிறது, மீட்டர் ஒளியைப் பாய்ச்சி அந்த நிறத்தைப் படிக்கிறது. மற்ற மூன்றிலும் ஸ்ட்ரிப்பின் முனை இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ள, அதில் எழும் மின்னோட்டத்தை மீட்டர் அளக்கிறது. ஆகவே பயன்படுத்திப் போட்ட ஒரு ஸ்ட்ரிப்பின் படம் கிடைத்தால்கூட ஆக்டிவா இல்லையா என்று சொல்லிவிடலாம். நடுவில் சதுரத் திட்டும், பின்பக்கம் சிறிய வட்ட ஜன்னலும் இருந்தால் அது ஆக்டிவ்.

நிறுவனத்தின் பெயர் மாறியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பேயர் நிறுவனத்தின் சர்க்கரைப் பிரிவு 2016-இல் கைமாறி அசென்சியா ஆனது. எனவே பழைய கான்டூர் டி.எஸ். மீட்டரில் பேயர் என்றும், இன்று வாங்கும் ஸ்ட்ரிப்பில் அசென்சியா என்றும் இருக்கும். ஒன்டச்சும் 2018-இல் ஜான்சன் அண்ட் ஜான்சனிடமிருந்து விலகியது. நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் வரிசையின் பெயரைப் பாருங்கள். கான்டூர் டி.எஸ். என்பது இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பொருந்தும்.

கட்டைவிரல் மறைத்த ‘பிளஸ்’

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம். கொடநாடு பக்கத்து ஹட்டி ஒன்றிலிருந்து ஒரு பேரன் பாட்டியின் மீட்டரைக் கையில் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மீட்டர். பொத்தான் எதுவும் இல்லை. திரை அணைந்திருக்கிறது. மேலே ‘ஒன்டச் செலக்ட்’ என்பது வரை தெரிகிறது, அதற்கப்புறம் அவனுடைய கட்டைவிரல்.

பொத்தான் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செலக்ட் சிம்பிள், செலக்ட் பிளஸ் சிம்பிள் இரண்டுமே பொத்தான் இல்லாதவைதான். ஸ்ட்ரிப்பைச் செருகினால் தானே விழித்துக்கொள்ளும். ஆனால் பிளஸ் சிம்பிளில் திரையை ஒட்டி நீலம், பச்சை, சிவப்பு என்று ஒரு வண்ணக் கோடு அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரை குறைவா, சரியா, அதிகமா என்பதைத் திரையில் ஓர் அம்புக்குறி அந்த வண்ணத்துக்கு நேராகக் காட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விரலுக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டின் ஒரு பகுதி தெரிகிறது. பிளஸ்ஸாக இருக்கலாம் என்பது முதல் சாட்சி. ஆர்டர் கொடுக்க இது போதாது.

பின்பக்கப் படமும் டப்பாவின் படமும் கேட்கிறோம். டப்பாவில் ‘செலக்ட்’ என்று மட்டும் இருக்கிறது, பிளஸ் இல்லை. இப்போது இரண்டு சாட்சிகள் முரண்படுகின்றன. இந்த இடத்தில் டப்பாவை நம்பி வாங்கினால் ஆயிரம் ரூபாய் போய்விடும். கேட்டுப் பார்த்தால், பக்கத்து வீட்டு அத்தையின் டப்பா பாட்டியின் பையில் கலந்திருக்கிறது என்று தெரிய வருகிறது. இரண்டு வீட்டிலும் ஒன்டச், இரண்டு பேருக்கும் சர்க்கரை, ஒரே திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். பின்பக்க லேபிள் வந்ததும் அதில் ‘செலக்ட் பிளஸ் சிம்பிள்’ என்று முழுப் பெயர் இருக்கிறது. வண்ணக் கோடும் லேபிளும் ஒத்துப்போகின்றன. செலக்ட் பிளஸ் ஸ்ட்ரிப், சந்தேகமில்லை.

இதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி: மீட்டரின் உடலில் இருக்கும் சான்றுக்கே முதலிடம். டப்பா துணைச் சான்று மட்டும். இரண்டும் ஒத்துப்போனால் வாங்கலாம். முரண்பட்டால் லேபிள் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும். லேபிள் தேய்ந்தே போயிருந்தால் மீட்டரையே கடைக்குக் கொண்டுவரச் சொல்வேன், படத்தில் ஊகிக்க மாட்டேன்.

மாறான ஸ்ட்ரிப் சில மீட்டர்களில் தாராளமாக உள்ளே நுழையும். நுழைவதால் பொருந்துகிறது என்று பொருளில்லை. பெரும்பாலும் மீட்டர் விழிக்காது, அல்லது பிழை காட்டும். அது நல்லதுதான். மோசமானது தவறான எண்ணைக் காட்டுவது. ஸ்ட்ரிப்பின் குறியீட்டு எண்ணைப் பொருத்த வேண்டிய பழைய மீட்டர்களில் இது நடக்கும். அவற்றில் ஸ்ட்ரிப் பெட்டியோடு வரும் சிறிய சிப்பைச் செருக வேண்டும், அல்லது டப்பாவில் உள்ள எண்ணைத் திரையில் அமைக்க வேண்டும். பழைய அக்யூ-செக் ஆக்டிவ், பெர்ஃபார்மா மீட்டர்களின் பக்கவாட்டில் சிப்புக்கான துளை இருக்கும். அப்படி ஒரு துளை படத்தில் தெரிந்தால், பெட்டியில் சிப் வருகிறதா, உங்கள் மீட்டருக்கு அது தேவையா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். திரையில் வரும் குறியீட்டு எண்ணும் டப்பாவில் உள்ள குறியீட்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அளவு தவறாகவே வரும்.

பி.பி. மெஷினுக்கு டேப்பும் வேண்டும்

கைப்பட்டை கிழிந்தோ காற்று கசிந்தோ போன பிறகுதான் கேட்டு வருகிறார்கள். முதலில் பட்டைதான் பழுதா என்று பாருங்கள். பட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெஷினை இயக்கினால், மோட்டார் நீண்ட நேரம் ஓடியும் எண் ஏறாமல் நிற்கும், அல்லது ஏறி உடனே சரியும். குழாயைக் காதருகில் பிடித்தால் சீறல் கேட்கும். குழாய் பட்டைக்குள் நுழையும் இடமும் பிளக்கின் கழுத்தும்தான் முதலில் வெடிப்பவை. அங்கெல்லாம் எதுவும் இல்லாமல், மெஷினுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் புதுப் பட்டை பயன்படாது.

பட்டைதான் பழுது என்றால், அடிப்பக்க லேபிளில் மாதிரி எண்ணைப் பாருங்கள். நம் பக்கத்தில் அதிகம் புழங்கும் ஆம்ரானில் அது HEM-7120, HEM-7124 என்ற வடிவில் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் நாட்டைக் குறிக்கும் எழுத்துகள் ஒட்டியிருக்கலாம். அடுத்து, பட்டையின் துணியில் ஓர் அளவு அச்சிட்டிருக்கும், 22–32 cm என்பது போல. அருகில் பட்டைக்கே உரிய மாதிரி எண்ணும் இருக்கும். ஆம்ரானில் HEM-CS24 என்பது 17–22, HEM-CR24 என்பது 22–32, HEM-CL24 என்பது 32–42 சென்டிமீட்டர் கைகளுக்கானவை. HEM-RML31 என்பது 22 முதல் 42 வரை ஒரே பட்டை. எந்த மெஷினுக்கு இவற்றில் எவை பொருந்தும் என்பது அந்த மெஷினின் கையேட்டில் துணை உபகரணங்கள் பகுதியில் இருக்கிறது. கையேடு தொலைந்திருந்தால் மாதிரி எண்ணைப் போட்டுத் தேடினால் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும்.

இத்தோடு நிறுத்திவிட்டு, பழைய பட்டையைப் போலவே இன்னொன்று வாங்குவதுதான் வழக்கம். பழைய பட்டையே தவறான அளவாக இருந்திருந்தால்? மெஷினோடு பெட்டியில் எந்த அளவு வந்ததோ அதைத்தான் வீட்டில் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். தோள்பட்டை நுனி எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவே, தசையை அழுத்தாமல், வெறும் கையில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். தையல் டேப் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி அதை ஸ்கேலில் வைத்து அளக்கலாம். ஸ்வெட்டருக்கு மேல் அளக்கக் கூடாது. மலையில் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஸ்வெட்டர் சட்டையைப் போல உடம்போடு ஒட்டிய உடை. கம்பளிக்கு மேல் அளந்தால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். எல்லைக்கோட்டில் இருக்கும் கைக்கு அதுவே பட்டையை மாற்றிவிடும். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவதும் சரியில்லை. சுருட்டிய கம்பளி கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். ஒரு கையை உடையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, சால்வையைத் தோளில் போட்டுக்கொள்வது நல்லது.

அளவு தவறினால் எவ்வளவு மாறும்? சிறிய பட்டை இரத்த அழுத்தத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், பெரிய பட்டை குறைவாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு நடுத்தரப் பட்டை கட்டியபோது மேல் அளவு சராசரியாக 5 புள்ளி அளவுக்குக் கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு அந்த வேறுபாடு ஏறக்குறைய 20 புள்ளி. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு 20 புள்ளி தாராளமாகப் போதும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மெஷின் HEM-7120 என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் துணியில் 22–32 என்றும், HEM-CR24 என்றும் இருக்கிறது. குழாயின் கழுத்து வெடித்திருக்கிறது. அதே CR24 தான் எளிதில் கிடைக்கும், அதை ஆர்டர் செய்துவிடலாம் என்றுதான் தோன்றும். டேப்பை வைத்து அளந்தால் கை 34 சென்டிமீட்டர். அதாவது இத்தனை நாளும் பட்டை அவருக்குச் சிறியது. அந்த மெஷினுக்கான கையேட்டில் 22–42 அளவுள்ள HEM-RML31 பட்டையும் துணை உபகரணமாக இருக்கிறது. அதை வாங்குவதுதான் சரி. அதே வீட்டில் மனைவியின் கை 26 என்றால் அவருக்கும் அதே பட்டை பொருந்தும், இன்னொன்று வேண்டியதில்லை. புதுப் பட்டையில் அளவு சற்றுக் குறைந்து வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் அந்தக் குறைவை வைத்து மாத்திரையைத் தானே குறைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும், பட்டை மாறியதையும் சொல்ல வேண்டும். அவருடைய மருந்தே பழைய பட்டையின் எண்களை வைத்து முடிவானதாக இருக்கலாம்.

வேறு பிராண்டின் பட்டை

“எல்லாப் பட்டையிலும் காற்றுதானே நிரம்புகிறது?” என்று கேட்பார்கள். டிஜிட்டல் மெஷின் ஸ்டெத்தஸ்கோப்பைப் போல ஒலியைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது பட்டைக்குள் நாடித்துடிப்பு எழுப்பும் மிக நுண்ணிய அழுத்த அலைகளைப் பிடித்து, அவற்றிலிருந்து ஒரு கணக்கின் மூலம் மேல் அளவையும் கீழ் அளவையும் பெறுகிறது. அந்த அலைகளின் உருவம் பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் கொள்ளளவையும் வடிவத்தையும் பொறுத்தது. உற்பத்தியாளர் தன் பட்டையோடு சேர்த்துத்தான் அந்தக் கணக்கைச் சோதித்திருக்கிறார். ஆகவே வேறு பட்டையில் வரும் எண் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எது என்று மெஷின் உங்களுக்குச் சொல்லாது.

இணையத்தில் ‘எல்லா மெஷின்களுக்கும்’ என்று பலவகை முனைகளோடு விற்கும் பட்டைகளை நான் விற்பதில்லை. பழைய குழாயின் பிளக்கை வெட்டிப் புதுப் பட்டையில் செருகித் தருபவர்களும் உண்டு. காற்று கசியாமல் செருக முடியும் என்பது உண்மைதான், அளவு சரியாக வருமா என்பது வேறு கேள்வி. உங்கள் பிராண்டின் பட்டை எங்குமே கிடைக்கவில்லை, மெஷினும் எட்டுப் பத்து ஆண்டுப் பழையது என்றால் புது மெஷின் வாங்கிவிடுவது மேல்.

பிளக்கின் படத்தை ஏன் கேட்டேன் என்றால், ஒரே பிராண்டிலும் முனையின் வடிவம் மாறியிருக்கலாம் என்பதால்தான். சிலருடைய படத்தில் தெரியும் குழாய் மின்சார அடாப்டரின் வயராக இருக்கும், அதையும் பிரித்தறிய அது உதவும். காற்றுத் துளையும் அடாப்டர் துளையும் வேறு வேறு.

பெட்டியைப் பிரிக்கும் முன், பிரித்த பின்

பெட்டியில் மீட்டரின் பெயர் பொருத்தப் பட்டியலாக அச்சிட்டிருக்கும். முத்திரையைப் பிரிக்கும் முன் அதை உங்கள் மீட்டரின் லேபிளோடு ஒப்பிடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். டப்பாவைத் திறந்த பிறகு இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சில பிராண்டுகள் சொல்லும், திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதிவிடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் குளுக்கோமீட்டரும் பி.பி. மெஷினும் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. இறக்குமதி உரிம எண்ணோ உற்பத்தி உரிம எண்ணோ, ரூபாயில் விலையோ இல்லாத பெட்டி வெளிநாட்டிலிருந்து குறுக்கு வழியில் வந்ததாக இருக்கலாம். விலை குறைவு என்றாலும் வாங்காதீர்கள்.

புது டப்பாவை முதல் முறை பயன்படுத்தும்போது சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்கும் அதே வேளையில் விரலிலும் பாருங்கள். சாப்பிட்ட பின் ஒப்பிடக் கூடாது. அப்போது விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை நரம்பு இரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். உலகத் தர அளவுகோல் 100-க்கு மேல் 15 சதவீத வேறுபாட்டை அனுமதிக்கிறது. ஆய்வகம் 160 என்று சொன்னால் மீட்டர் 136 முதல் 184 வரை காட்டுவது பிழையில்லை. இந்த எல்லைக்கு வெளியே மீண்டும் மீண்டும் போனால்தான் ஸ்ட்ரிப்பையோ மீட்டரையோ சந்தேகிக்க வேண்டும்.

பி.பி. மெஷினுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும் நாளில் ஒப்பிடலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, அதே கையில், ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு மெஷினிலும் பாருங்கள். பட்டையைக் கட்டியதும் அதன் விளிம்பில் உள்ள குறி, துணியில் அச்சிட்ட எல்லைக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் அளவு தவறு, எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

உயரத்தால் மீட்டர் தவறாகக் காட்டுமோ என்று ஊட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். பல ஸ்ட்ரிப்களின் கையேட்டில் எல்லை 3,000 மீட்டர் அளவில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கவலை வேண்டாம். ஆனால் குளிர் வேறு விஷயம். சில மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே இயங்க மறுக்கும், சில இன்னும் சற்றுக் கீழே வரை தாங்கும். பி.பி. மெஷின்களிலும் 10 டிகிரி என்பது பொதுவான கீழ் எல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில், ஜன்னலோர அலமாரியில் இருந்த மீட்டர் வெப்பமானிப் படம் காட்டினால் “புது ஸ்ட்ரிப் பொருந்தவில்லை” என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். மீட்டரையும் டப்பாவையும் கம்பளிக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்பின் மேலோ ஹீட்டரின் முன்போ காட்டாதீர்கள். விரலையும் வெந்நீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள், குளிர்ந்த விரலில் துளி போதாமல் ஒரு ஸ்ட்ரிப் வீணாகும்.

மழைக்காலத்தில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் மூடுபனியின் ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றவும் கூடாது. ஈரத்தை இழுக்கும் பொருள் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது. அடுத்த முறை படம் எடுக்கத் தேவையான பெயரும் அதன்மேல்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கும் மீட்டர்களைப் பற்றி ஒரு சொல். திரையில் mg/dL என்பதற்குப் பதிலாக mmol/L என்று இருந்தால், வரும் எண்ணை 18 ஆல் பெருக்க வேண்டும். 7 என்று காட்டினால் 126. சில மீட்டர்களின் வரிசை இந்தியாவில் விற்கப்படுவதே இல்லை, ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்காது. அதற்காக அலையாமல், இங்கே கிடைக்கும் ஒரு மீட்டரை வாங்குங்கள். பலவற்றில் பெட்டியோடு 25 ஸ்ட்ரிப்பும் வருகிறது, கணக்குப் பார்த்தால் மீட்டருக்காகக் கொடுக்கும் பணம் சொற்பம். வாங்கும் அன்றே அதன் பின்பக்க லேபிளை ஒரு படம் எடுத்து, வீட்டில் மருந்து வாங்கப் போகும் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.